ராத்திரி சர்க்கரை போட்டது யார்?

சர்க்கரை நோயாளிகள் பலர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. படுக்கும்போது 140 இருந்தது. ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 165. லேபில் தப்பாகப் பார்த்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் தப்பு லேபில் இல்லை. அந்தச் சர்க்கரையைப் போட்டது அவர்களுடைய கல்லீரல்.

அது ஏன் போட வேண்டும்? ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். மொத்தமாகக் கூட்டினால் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. மூளை மட்டுமே ஒரு நாளில் ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது, மணிக்கு 5 கிராம். இரவு எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டவர் காலை எட்டு வரை பிழைத்திருப்பதற்குக் காரணம், சாப்பிட்ட கையோடு கல்லீரல் அந்தக் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகக் கோத்து வைத்துக்கொண்டதுதான். அங்கே சுமார் 100 கிராம் வரை இருப்பு வைக்கலாம்.

இருப்பு வைக்க ஒரு நொதி, எடுத்துக் கொடுக்க இன்னொரு நொதி. கோப்பது கிளைக்கோஜன் சிந்தேஸ், உடைப்பது பாஸ்பாரிலேஸ். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரு கை பின்னியதை மறு கை அவிழ்க்கிற கதையாகிவிடும். வீண் செலவுதான் மிஞ்சும். ஒன்றை ஓட்டும்போதே மற்றதை நிறுத்தியாக வேண்டும். உடம்பு இதைச் செய்கிற விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சாப்பிட்டுச் சில மணி நேரம் கழிந்து ரத்தச் சர்க்கரை இறங்கும்போது, கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனை அதிகம் விடுகிறது. குளுக்ககான் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று மணி அடிக்கிறது, அவ்வளவுதான். உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை எழுப்புகிறது. அதன் வேலை மற்ற நொதிகளின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது. பாஸ்பேட் ஒட்டியதும் பாஸ்பாரிலேஸ் ஓட ஆரம்பிக்கிறது (நடுவில் இன்னொரு கைனேஸ் கை மாற்றிவிடுகிறது). அதே பாஸ்பேட் ஒட்டியதும் சிந்தேஸ் நின்றுவிடுகிறது. முத்திரை ஒன்றுதான், ஒருவருக்கு அது வேலை உத்தரவு, மற்றவருக்கு விடுப்புச் சீட்டு. பாஸ்பேட்டை ஒட்டியும் எடுத்தும் நொதியை இயக்க முடியும் என்று 1950களில் கண்டுபிடித்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

சாப்பிட்டவுடன் இன்சுலின் வந்து இதைத் தலைகீழாக்குகிறது. சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கிறது, ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்க்கும் நொதிக்கு வேகம் கொடுக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருபது நொதிகளைத் தனித்தனியாக உருப்போடுகிறார்கள். கல்லீரலைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்: பட்டினியில் பாஸ்பேட் ஒட்டும், சாப்பாட்டில் உதிரும்.

இந்த விதியைத் தசைக்குக் கொண்டுபோனால் தடுக்கும். தசையில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் உண்டு, ஆனால் குளுக்ககானின் மணி அங்கே கேட்காது. அட்ரினலின்தான் அதை எழுப்பும். தவிர, உடைத்த குளுக்கோஸோடு ஒரு பாஸ்பேட் சேர்ந்தே இருக்கும். அதைக் கழற்றினால்தான் குளுக்கோஸ் செல்லைவிட்டு வெளியேறும். கழற்றுகிற குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. எனவே தசையின் இருப்பு தசைக்கே. இந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கிக் கிடக்கும். சில மணி நேரம் பாலோ உணவோ தாமதித்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். இருப்பு நிறைய இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. 1952இல் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தக் குழந்தைகளுக்கு, மெதுவாகச் செரிக்கட்டும் என்று வேகவைக்காத சோளமாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த 165க்கு வருவோம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் சரியாகக் கேட்பதில்லை; குளுக்ககானும் தேவைக்கு மேல் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை போதுமான அளவு இருந்தும், பட்டினி கிடப்பதாக நினைத்துக் கல்லீரல் இருப்பை உடைக்கிறது. லாக்டேட், அமினோ அமிலங்களிலிருந்து புதுக் குளுக்கோஸும் செய்கிறது. விடியற்காலையில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து தள்ளுகின்றன. காலை எண்ணைக் குறைக்க ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பட்டினி நேரம்தான் நீள்கிறது; இன்சுலின் ஊசியோ, இன்சுலினைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரெனத் தாழும் ஆபத்தும் சேர்கிறது. டாக்டர் எழுதித் தரும் மெட்பார்மின் மாத்திரை முக்கியமாக வேலை செய்வது கல்லீரலில்தான். ராத்திரியில் அது ரத்தத்துக்கு அனுப்பும் குளுக்கோஸைக் குறைக்கிறது.