தனியார் பாடசாலைகளின் தந்திரோபாயக் குழு வரைபும் நகர்வுத் தடைகளும்

ஒரே கைத்தொழிலில் ஈடுபடும் நிறுவனங்கள் யாவும் ஒன்றுடன் ஒன்று நேரடியாகப் போட்டியிடுவதில்லை. கொழும்பு நகரிலுள்ள தனியார் பாடசாலைகளை எடுத்துக்கொள்வோம். பழைய மிஷனரிப் பாடசாலை ஒன்றும், வாடகை வீடொன்றில் நடைபெறும் சிறிய சர்வதேசப் பாடசாலை ஒன்றும் ஒரே வீதியில் இருக்கலாம். ஆயினும் ஒன்றில் இடம் கிடைக்காத பெற்றோர் மற்றையதைத் தெரிவுசெய்வார்கள் என்று கூறமுடியாது. ஒத்த வழிமுறைகளைப் பின்பற்றி, ஒத்த வாடிக்கையாளரை நாடும் நிறுவனங்களின் தொகுதியே தந்திரோபாயக் குழு எனப்படும். இப்பதத்தை 1972 இல் மைக்கல் ஹன்ட் என்பவர் வீட்டு மின்சாதனக் கைத்தொழில் பற்றிய தமது ஆய்வில் பயன்படுத்தினார். ஒரு குழுவிலுள்ள நிறுவனம் இன்னொரு குழுவுக்கு மாறுவதைத் தடுக்கும் காரணிகளை 1977 இல் கேவ்ஸ், போர்ட்டர் ஆகிய இருவரும் நகர்வுத் தடைகள் என விளக்கினர்.

நுழைவுத் தடை, நகர்வுத் தடை ஆகிய இரண்டையும் மாணவர் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். வெளியிலிருந்து கைத்தொழிலுக்குள் வருவதைத் தடுப்பது நுழைவுத் தடை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் நிறுவனம் ஒரு குழுவிலிருந்து வேறொரு குழுவுக்குச் செல்வதைத் தடுப்பது நகர்வுத் தடை.

தரவுகளைத் தயாரித்தல்

வரைபுக்கு இரண்டு அச்சுகள் தேவை. கிடை அச்சில் வருடாந்தக் கட்டணத்தையும் நிலைக்குத்து அச்சில் வசதிகளையும் குறிப்போம். கட்டணத்தைக் கணிக்கும்போதே முதலாவது தவறு நேர்கிறது. தவணைக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுதல் போதாது. பல பாடசாலைகள் சேரும்போது ஒரு தடவை மாத்திரம் பெரியதொரு அனுமதிக் கட்டணத்தை அறவிடுகின்றன. அதனை மாணவர் கற்கும் வருடங்களுக்குப் பகிர்தல் வேண்டும்.

கற்பனையான இரு பாடசாலைகளைப் பார்ப்போம். பாடசாலை ஈ தவணைக்கு ரூபா 45,000 உம் அனுமதிக் கட்டணமாக ரூபா 330,000 உம் பெறுகின்றது. மூன்று தவணைகளுக்கு ரூபா 135,000 ஆகும். முதலாம் தரத்திலிருந்து 11 ஆம் தரம் வரை 11 வருடங்களாகையால் அனுமதிக் கட்டணத்தில் ஒரு வருடப் பங்கு ரூபா 30,000. எனவே வருடாந்தச் செலவு ரூபா 165,000. பாடசாலை உ தவணைக்கு ரூபா 57,000 உம் அனுமதிக் கட்டணமாக ரூபா 99,000 உம் பெறுகின்றது. அதன் வருடாந்தச் செலவு 171,000 + 9,000 = ரூபா 180,000. தவணைக் கட்டணங்களை மட்டும் பார்த்தால் வருடத்துக்கு ரூபா 36,000 வித்தியாசம் தெரிகின்றது. உண்மையான வித்தியாசம் ரூபா 15,000 மட்டுமே. மீளளிக்கப்படும் வைப்புப்பணம் இருப்பின் அதனைச் செலவில் சேர்க்கக்கூடாது.

வசதிகளுக்கு 10 புள்ளிகள் வழங்குவோம். சொந்த விளையாட்டு மைதானம் 3, தனித்தனி விஞ்ஞான ஆய்வுகூடங்கள் 3, நீச்சல் தடாகம் 2, நூலகம் 1, மண்டபம் 1. மைதானத்தை வாடகைக்குப் பெறும் பாடசாலைக்கு 1 புள்ளியும் பொதுவான ஒரே ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கு 1 புள்ளியும் போதும். விளம்பரப் பிரசுரத்தில் "மைதான வசதி உண்டு" என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது யாருடைய மைதானம் எனக் கேட்டறிதல் வேண்டும்.

| பாடசாலை | வருடாந்தக் கட்டணம் (ரூபா ஆயிரம்) | வசதிப் புள்ளி |
|---|---|---|
| அ | 60 | 8 |
| ஆ | 75 | 9 |
| இ | 150 | 3 |
| ஈ | 165 | 4 |
| உ | 180 | 3 |
| ஏ | 300 | 5 |
| ஊ | 480 | 8 |
| எ | 540 | 9 |

இவற்றை வரைபுத்தாளில் குறித்துப் பாருங்கள். இ, ஈ, உ ஆகியன கீழே ஒன்றாக அமைகின்றன. ஊ, எ ஆகியன வலப்பக்க மேல் மூலையில் அமைகின்றன. அ, ஆ ஆகியன இடப்பக்க மேல் மூலையில் தனித்து நிற்கின்றன. ஏ எக்குழுவிலும் சேராமல் நடுவே உள்ளது. ஒவ்வொரு குழுவையும் சூழ ஒரு வட்டம் வரைந்து, வட்டத்தின் பருமனை மாணவர் தொகைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ வரைவது வழக்கம்.

கட்டணம் கூடும்போது வசதியும் அதே அளவில் கூடுமாயின் புள்ளிகள் யாவும் ஒரே சரிவுக் கோட்டில் விழும். அவ்வாறான வரைபு நமக்குப் புதிதாக எதனையும் கூறாது. அச்சு ஒன்றை மாற்ற வேண்டியிருக்கும். இங்கு அந்தக் கோட்டை உடைப்பவை அ, ஆ ஆகிய இரண்டுமே. குறைந்த கட்டணம், நிறைந்த வசதி என்றால் பெற்றோர் யாவரும் விரும்புவர். அப்படியாயின் ஏனைய பாடசாலைகள் ஏன் அந்த மூலைக்கு நகரவில்லை?

இடப்பக்க மேல் மூலையைப் பாதுகாப்பது எது?

முதற் காரணம் சட்டம். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப்பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் தனியாரிடமே தொடர்ந்தன. புதிதாகத் தனியார் பாடசாலை ஆரம்பிப்பதற்கான வழி அத்துடன் அடைபட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகள் சட்டத்தின் கீழேயே பதிவு செய்யப்பட்டன. ஆகவே எவ்வளவு பணம் இருந்தாலும் ஒரு சர்வதேசப் பாடசாலை அ, ஆ ஆகியவற்றின் வகையாக மாறமுடியாது. நகர்வுத் தடையின் மிகத் தெளிவான வடிவம் இதுவே.

இரண்டாவது காரணம் காணி. பழைய பாடசாலைகளின் மைதானங்கள் நீண்டகாலத்துக்கு முன்னரே பெறப்பட்டவை. அதற்காக இன்று அவை வட்டி செலுத்துவதில்லை. அவ்வகைப் பாடசாலைகள் சிலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசு வழங்குகின்றது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கு நிதி திரட்டுகின்றன. குறைந்த கட்டணம் சாத்தியமாவது இவ்வாறுதான். மிகவும் திறமையான முகாமைத்துவம் மட்டும் இதற்குக் காரணம் என எழுதினால் விடை தவறாகும்.

கீழ்க் குழுவிலிருந்து மேலே செல்ல என்ன தேவை?

பாடசாலை ஈ வலப்பக்க மேல் குழுவை அடைய விரும்புகின்றது எனக் கொள்வோம். அதில் 600 மாணவர் கற்கின்றனர். முதலில் 2 ஏக்கர் மைதானம் தேவை. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் ஆகையால் மொத்தம் 320 பேர்ச்சஸ். நகரின் உள்ளே ஒரு பேர்ச் ரூபா 50 இலட்சம் என எடுத்துக்கொண்டால் காணியின் விலை ரூபா 160 கோடி. வங்கி 10 சதவீத வட்டிக்குக் கடன் தந்தால் வருட வட்டி ரூபா 16 கோடி. இதனை 600 மாணவரிடையே பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ ரூபா 267,000 வருகின்றது. இப்போது அறவிடும் முழுக் கட்டணமே ரூபா 165,000 தான். கடன் முதலில் ஒரு சதமேனும் குறையாத நிலையில், ஒரு செங்கல்லும் வைக்காமல், கட்டணத்தை இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும்.

புறநகரில் ஒரு பேர்ச் ரூபா 5 இலட்சமாயின் அதே வட்டி மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ ரூபா 26,700 ஆகக் குறையும். ஆனால் நகரில் வசிக்கும் பெற்றோர் தமது பிள்ளைகளை வேனில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்புவார்களா என்பது வேறு வினா. காணியை வாங்காமல் வாடகைக்குப் பெறலாம். அப்போது புள்ளி 3 அல்ல, 1 தான்.

பணத்தால் விரைவாக வாங்கமுடியாத தடையும் உண்டு. உயர் கட்டணம் செலுத்தும் பெற்றோர் முதலில் பரீட்சைப் பெறுபேறுகளையே விசாரிக்கின்றனர். இன்று முதலாம் தரத்தில் சேரும் பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேறு வெளியாக 11 வருடங்கள் செல்லும். ஆய்வுகூடத்தை ஓராண்டில் கட்டலாம், நற்பெயரை அவ்வாறு கட்டமுடியாது.

பாடசாலை ஏ உண்மையில் நகர்கின்றதா?

நடுவே நிற்கும் ஏ, கீழ்க் குழுவை விட்டு மேலே சென்றுகொண்டிருப்பது போலத் தோன்றுகின்றது. ஒரே வருடத்தின் வரைபைக் கொண்டு இதனைத் தீர்மானிக்கக்கூடாது. ஐந்து வருடங்களுக்கு முந்திய தரவுகளையும் குறித்து, பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு அம்புக்குறி இடல் வேண்டும்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஏ இன் கட்டணம் ரூபா 150,000, வசதிப் புள்ளி 3 எனக் கொள்வோம். கட்டணம் இரு மடங்காகிவிட்டது. அம்பு நீளமாகத் தெரிகின்றது. ஆனால் அதே காலத்தில் இ இன் கட்டணம் ரூபா 75,000 இலிருந்து 150,000 ஆகவும், ஊ இன் கட்டணம் ரூபா 240,000 இலிருந்து 480,000 ஆகவும் உயர்ந்திருப்பின்? ஊ இன் கட்டணத்தில் ஏ இன் பங்கு அன்றும் 62.5 சதவீதம், இன்றும் 62.5 சதவீதம். ஏ கிடைத்திசையில் ஓர் அங்குலமும் நகரவில்லை. விலைகள் வேகமாக ஏறிய காலத்தை உள்ளடக்கிய ஒப்பீடுகளில் இத்தவறு எளிதில் நிகழும். இலங்கையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்ததை நினைவிற்கொள்க. எனவே ரூபாத் தொகைக்குப் பதிலாக, ஏனைய பாடசாலைகளின் கட்டணத்துடனான விகிதத்தைக் குறிப்பதே பாதுகாப்பானது.

நிலைக்குத்துத் திசையில் ஏ நகர்ந்துள்ளது. 3 ஆக இருந்த புள்ளி 5 ஆகியுள்ளது. வசதிகளுக்குச் செலவிட்டும் ஒப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்த முடியவில்லை என்பதையே இந்த அம்பு காட்டுகின்றது. அதாவது, தடை கட்டடங்களில் மட்டும் இல்லை. மேல் குழுவின் நற்பெயரே இங்கு தடுக்கின்றது எனக் கருத இடமுண்டு. எனினும் பெற்றோரை விசாரிக்காமல் உறுதியாகச் சொல்லமுடியாது. ஏ தானாகவே கட்டணத்தை உயர்த்தாமல் விட்டிருக்கவும் கூடும்.

வரைபில் ஓரிடம் வெறுமையாக இருப்பதனால் மட்டும் அங்கு தடை உண்டு என முடிவுசெய்தலும் பிழையே. இவ்வரைபில் வலப்பக்கக் கீழ் மூலை, அதாவது அதிக கட்டணமும் குறைந்த வசதியும் உள்ள இடம், வெறுமையாக உள்ளது. அங்கு செல்ல எவரையும் எதுவும் தடுக்கவில்லை; அங்கு செல்ல விரும்பும் பெற்றோர் இல்லை. யாராவது முயன்று திரும்பிய இடத்தில், அல்லது உள்ளே இருப்போர் நீண்ட காத்திருப்புப் பட்டியலுடன் இருக்க வெளியிலுள்ளோர் வரமுடியாதிருக்கும் இடத்தில்தான் தடை உண்டு எனலாம்.

பயிற்சி வினா

பாடசாலை எ தனது நீச்சல் தடாகத்தை மூடி, கட்டணத்தை ரூபா 200,000 ஆகக் குறைத்துக் கீழ்க் குழுவின் மாணவரைக் கவர எண்ணுகின்றது.
(1) எ இன் புதிய இடத்தை வரைபில் குறித்து அம்புக்குறி இடுக.
(2) கீழே இறங்குவதற்கு எ எதிர்நோக்கும் நகர்வுத் தடைகள் இரண்டினை விளக்குக. (குறிப்பு: பெற்ற கடன், ஏற்கெனவே கற்கும் மாணவரின் பெற்றோர்.)
(3) எ மேலிருந்து கீழே வருவதும் ஈ கீழிருந்து மேலே செல்வதும் ஒரே அளவு கடினமானவையா? காரணம் தருக.