மணி அடித்தபோது என்ன நடந்துகொண்டிருந்தது?

ஆங்கிலத்தில், நடந்துகொண்டிருந்த செயலின் நடுவே இன்னொன்று குறுக்கிட்டால், முன்னது தொடர் இறந்தகாலத்திலும் குறுக்கிட்டது சாதாரண இறந்தகாலத்திலும் வரும். ‘ஐ வாஸ் குக்கிங் வென் த போன் ராங்’ என்றால் சமையல் பாதியில் இருந்தது. ‘ஐ குக்டு வென் த போன் ராங்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் மணி அடித்த பிறகே சமையல் தொடங்கியதாகப் பொருள் புரண்டுவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். மணி அடித்த நொடியில் அந்தச் செயல் ஏற்கெனவே தொடங்கி, முடியாமல் இருந்ததா என்று பார்த்தால் போதும்; ஆம் என்றால் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ சேர்த்து ‘இங்’ வடிவம் வரவேண்டும். இரண்டு வினையையும் ‘இங்’கில் போட்டால் குறுக்கீடு மறைந்து, இரண்டும் சேர்ந்தே நடந்ததாகிவிடும். ‘நோ’ போன்ற நிலை காட்டும் வினைகள் மட்டும் விலக்கு. அவை ‘நியூ’ என்றே நிற்கும்.