தாமஸ் வீட்டுக்கு எத்தனை எஸ்?

அன்புள்ள ஐயா,

உங்கள் ஆங்கில நாவலின் முதல் மெய்ப்பைப் பார்த்து முடித்துவிட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில் நான் போட்டிருக்கும் திருத்தங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: அப்பாஸ்ட்ரஃபி, எழுத்தின் தோளில் தொங்குகிற அந்தச் சின்னக் கமா. “பேப்பரில் Das' என்றுதானே போடுகிறார்கள், நீங்கள் எதற்கு இன்னொரு எஸ் சேர்த்து Das's ஆக்கினீர்கள்?” என்று போனில் கேட்டீர்கள். அதைப் போனில் விளக்க முடியாது, ஐயா. இந்த விவகாரத்தில் காதுக்கு ஒன்றாகக் கேட்பது தாளில் மூன்றாக இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பன்மையைப் பார்த்துவிடுவோம். அது தெளிந்தால் பெயர்களில் வரும் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

தமிழில் நாம் ‘சிறுவர்களுடைய’ என்கிறோம். முதலில் ஆள், பிறகு ‘கள்’, கடைசியில்தான் ‘உடைய’. இந்த வரிசை யாருக்கும் தவறுவதில்லை. ஆங்கிலத்திலும் வரிசை இதுவேதான். ஆனால் அங்கே ‘கள்’ளுக்கும் எஸ், ‘உடைய’வுக்கும் எஸ். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கியதற்கு அடையாளமாக மிஞ்சுவது அப்பாஸ்ட்ரஃபி மட்டும். ஒரு பையனுடைய சைக்கிள் என்றால் boy's. பையன்களுடைய சைக்கிள் என்றால் முதலில் boys என்று பன்மையை எழுதி முடித்து, அதன் பின்னால் குறி: boys'. எஸ் இல்லாமல் பன்மையாகும் சொற்களில் விழுங்க எதுவும் இல்லை. அதனால் அங்கே முழு வடிவமும் வரும்: children's, women's. சென்னையில் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் பெயர்ப்பலகையில் குறி எஸ்ஸுக்கு முன்னால் நிற்பது இதனால்தான். அதைப் பார்த்து எல்லாப் பன்மைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆக, நான் கடைப்பிடிப்பது ஒரே வழிதான். உடைமைக்காரர் யார், ஒருவரா பலரா என்பதை முதலில் குறியில்லாமல் முழுதாக எழுதுங்கள். எழுதி முடித்த சொல்லுக்குப் பின்னால்தான் குறி வரும், சொல்லின் வயிற்றுக்குள் வரவே வராது. எஸ்ஸில் முடிந்த பன்மையாக இருந்தால் குறியோடு நிறுத்துங்கள். மற்றபடி குறியும் எஸ்ஸும் சேர்ந்து வரும்.

உங்கள் குமாஸ்தா பாத்திரம் எழுதும் லீவ் லெட்டரும் இதில்தான் மாட்டியது. two days leave என்று குறியே இல்லாமல் எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் காலத்துக்கும் உடைமை உண்டு. ஒரு நாள் விடுப்பு என்றால் one day's leave, இரண்டு நாள் என்றால் two days' leave. நம் ஆபீஸ்களில் தினமும் எழுதப்படும் கடிதங்களில் இந்தக் குறி இருப்பதே அபூர்வம். பாத்திரத்தின் இயல்புக்காக வேண்டுமென்றே விட்டிருந்தால் ஓரத்தில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதிவிடுங்கள், தொடமாட்டேன்.

இனி தாமஸ் குடும்பத்துக்கு வருவோம். நான் அதிகம் மல்லுக்கட்டியது அந்த வீட்டோடுதான்.

இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள்: Thoma's, the Thomas's, Thomas'. முதலாவது பெயரையே வெட்டிவிட்டது. அதன்படி அந்த வீடு தோமா என்ற வேறொருவருடையது! எஸ்ஸில் முடியும் பெயரைக் கண்டதும் அந்தக் கடைசி எஸ்ஸே உடைமை எஸ் என்று கை தானாக நினைத்துக்கொள்கிறது. நான் பார்க்கும் மெய்ப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது. Charle's, Jame's என்றுகூட வரும்.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரியவர் தாமஸ் ஒருவர். அவருடைய குடை என்றால், சொல் Thomas, ஒருமை, ஆகவே Thomas's. சரி. அவரும் மனைவியும் மக்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறார்கள். இங்கே எதுவும் யாருக்கும் சொந்தமில்லை, வெறும் பன்மைதான். bus என்ற சொல் buses ஆவதுபோல Thomas என்ற பெயரும் Thomases ஆகும், குறி கூடவே கூடாது. வாழ்த்து அட்டைகளிலும் வாசல் பலகைகளிலும் குடும்பப் பெயருக்குப் பன்மை எழுதுகிறேன் என்று குறியைச் செருகிவிடுவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே செய்யும் தவறு. கடைசியில், அந்தக் குடும்பத்தார் எல்லாருடைய வீடு: the Thomases'. பன்மையை எழுதி முடித்தாயிற்று, அது எஸ்ஸில் முடிகிறது, பின்னால் குறி மட்டும்.

இப்போது மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றும் ‘தாமஸிஸ்’தான். ஒலியில் துளி வித்தியாசம் இல்லை. எத்தனை பேர், எதுவும் சொந்தமா இல்லையா என்ற கணக்கைக் கண்ணுக்குச் சொல்வது எழுத்து மட்டுமே. நீங்கள் சொல்லும் வீடு பெரியவருடையதா, குடும்பத்தாருடையதா என்பதை எழுதிய நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பாகப்பிரிவினையில் சண்டை போடுகிற கதையில் அது சின்ன வித்தியாசமும் அல்ல.

அடுத்து உங்கள் கேள்வி. Das' என்பது தவறா?

தவறு என்று சொல்லமாட்டேன், அது பத்திரிகை வழக்கம். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் நடைவிதிப்படி, எஸ்ஸில் முடியும் பெயருக்குக் குறி மட்டும் போதும். அங்கே பல பத்திரிகைகள் இதையே பின்பற்றுகின்றன. புத்தகப் பதிப்பில் பெரிதும் மதிக்கப்படும் சிகாகோ கையேடு, பெயர் எதில் முடிந்தாலும் ஒருமையானால் குறியும் எஸ்ஸும் வேண்டும் என்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு வழியில் போகிறவர்கள் காதைக் கேட்கச் சொல்கிறார்கள்: பேசும்போது அந்தக் கூடுதல் ‘இஸ்’ வாயில் வருகிறதென்றால் எழுத்திலும் போடு. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது கமலா ஹாரிஸின் பெயர் இரண்டு கட்சியையும் களத்தில் இறக்கியது. அசோசியேட்டட் பிரஸ் Harris' என்றது, நியூயார்க் டைம்ஸ் Harris's என்றது.

இதைவிடச் சுவையான வழக்கு 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. கான்சாஸ் மாநிலத்தின் மரண தண்டனைச் சட்டம் பற்றிய வழக்கு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், அந்த மாநிலத்தின் பெயரை Kansas' என்று எழுதினார். எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் Kansas's என்று எழுதினார். ஒரே வழக்கு, ஒரே நாள், இரண்டு எழுத்து முறை. தாமஸின் பெயரே எஸ்ஸில் முடிவது தனி வேடிக்கை. நீதிபதிகளே ஒத்துப்போகாத இடத்தில் நாம் யாரையும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. ஒரே புத்தகத்துக்குள் இரண்டும் கலந்து வரக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் நாவலில் Srinivas' என்று பதினேழாம் பக்கத்திலும் Srinivas's என்று பத்தொன்பதாம் பக்கத்திலும் இருக்கிறது.

என் சிபாரிசு, குறியும் எஸ்ஸும். காரணம் எளிது. உங்கள் ஸ்ரீனிவாஸின் கடையைச் சத்தமாகச் சொல்லும்போது ‘ஸ்ரீனிவாஸிஸ்’ என்றுதான் நாக்கு புரள்கிறது. வாய் சொல்வதைக் கை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு விலக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாதிரியார் பிரசங்கம் செய்யும் அத்தியாயத்தில் Jesus', Moses' என்று குறியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அது பழைய, பரவலான மரபு. அதை விட்டுவைத்திருக்கிறேன்.

இதே காது இன்னொரு இடத்திலும் உதவும். கோடையில் குடும்பம் மதராஸிலிருந்து நீலகிரிக்குப் போகிறதல்லவா? மதராஸின் வெயில் Madras's. அந்த எஸ் பெயரோடு பிறந்தது, பன்மை இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் நீலகிரி the Nilgiris, மலைகள் என்ற பன்மை வடிவம். மாவட்டத்தின் பெயராக ஒருமைபோல நடந்தாலும் அதன் குளிர் the Nilgiris' தான். ‘நீல்கிரிஸிஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. நெதர்லாந்துக்கும் மாலத்தீவுக்கும் ஆங்கிலத்தில் இதே விதி.

ஊர், கடை, கல்லூரிப் பெயர்களில் மட்டும் விதியைத் தூக்கி வைத்துவிடுங்கள். அவரவர் பலகையில் எழுதிவைத்ததே சட்டம். குயின் மேரிஸ் காலேஜுக்குக் குறி உண்டு, Queen Mary's. மவுண்ட் ரோடு புத்தகக் கடை Higginbothams, குறி இல்லை. லண்டனில் உள்ள பூங்கா St James's Park. நியூகாசிலில் உள்ள கால்பந்து மைதானம் St James' Park. இரண்டும் அந்தந்த ஊரில் சரி. உங்கள் கதாநாயகி தடுப்பூசிக்காகப் போகும் கிண்டி நிறுவனத்தை King's Institute என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் பலரும் அப்படித்தான் சொல்கிறோம். அது ராஜாவின் நிறுவனமே இல்லை. கிங் என்ற ஆங்கில மருத்துவ அதிகாரியின் பெயர். King Institute என்று திருத்தியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருத்தங்களை நீங்களே கணினியில் ஏற்றுவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து s' என்பதையெல்லாம் s's என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். Das' சரியாக மாறும், கூடவே boys' என்பது boys's ஆகும், two days' என்பதும் கெடும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் எஸ்ஸில் முடிகிற உரையாடல் இருந்தால் அதன் வாலிலும் ஓர் எஸ் ஒட்டிக்கொள்ளும். தேடுங்கள், ஒவ்வொன்றாக நின்று பார்த்து மாற்றுங்கள். அரை மணி நேர வேலைதான்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் உங்கள் பதில் வேண்டும்: தாமஸ் வீடு பெரியவருடையதா, குடும்பத்தாருடையதா? குமாஸ்தாவின் லீவ் லெட்டரைத் திருத்தட்டுமா, விட்டுவிடட்டுமா? இவை தெரிந்தால் இரண்டாம் மெய்ப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்