சேர் வாங்கும் முன் மேசையை அளந்து பாருங்கள்

சென்னையில் ஒரு மாடி அறை. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர், உயரம் 165 செ.மீ., தினமும் இரவு ஒன்பது மணிக்கு வேலரன்ட் விளையாட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி ஆகிறது. மேசை, அப்பா காலத்தில் ஆசாரி செய்து கொடுத்தது. சேர், சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துப் போட்டது. கொஞ்ச நாளாக வலது தோளும் கழுத்தும் வலிக்கின்றன. சேர்தான் காரணம் என்று முடிவு கட்டி, ஒன்பதாயிரம் ரூபாயில் சிவப்பும் கறுப்புமாக மின்னும் கேமிங் சேர் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்து வைத்திருக்கிறார். இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய நண்பர்களில் பாதிப்பேர் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பணத்தைக் கட்டினாலும் அவருடைய தோள்வலி போகாது. வலி வருவது மேசையிலிருந்து.

ஆசாரியிடம் எழுதுமேசை கேட்டால் கேள்வியே கேட்காமல் இரண்டரை அடி உயரம் வைத்துவிடுவார். அதாவது 76 செ.மீ. கடையில் விற்கும் கம்ப்யூட்டர் மேசைகளும் 73 முதல் 76-க்குள்தான் இருக்கும். இது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க ஓர் இஞ்ச் டேப் போதும். பாதம் தரையில் பதிய, முட்டி நேராக மடங்க உட்கார வேண்டும். தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை ஓர் அளவு. தோளைத் தளரவிட்டு, கையை மடித்து, உட்கார்ந்த பலகையிலிருந்து முழங்கை வரை இன்னோர் அளவு. நமது இளைஞருக்கு முதலாவது 42, இரண்டாவது 23 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்துக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். கூட்டினால் 65. அவருக்கு மேசைப் பலகை இருக்க வேண்டிய உயரம் இதுதான். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 61 அளவில் வரும். 76 செ.மீ. மேசை கச்சிதமாகப் பொருந்த வேண்டுமானால் ஆள் ஆறடியைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஆக, மேசை 11 செ.மீ. அதிகம். அந்த 11 செ.மீ. எங்கே போகும்? தோளுக்குத்தான் போகும். கை மேசைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக நான்கு மணி நேரம் தோள்பட்டை தூக்கியே இருக்கிறது. கீபோர்டில் இருக்கும் இடக்கையையாவது மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளலாம். மவுஸ் பிடித்த வலக்கை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். வேலரன்ட் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் பலர் மவுஸ் வேகத்தைக் குறைத்து வைத்து, மணிக்கட்டை விட்டுவிட்டு முழுக்கையையும் நகர்த்திக் குறிபார்க்கிறார்கள். வலது தோள் முதலில் முனகுவதற்குக் காரணம் அதுதான்.

தீர்வு இரண்டு உண்டு: மேசையை இறக்கலாம், அல்லது ஆளை ஏற்றலாம்.

இறக்குவது எளிது. மரமேசையானால் நான்கு கால்களிலும் 11 செ.மீ. அறுத்துவிட ஆசாரிக்கு அரைமணி நேர வேலை. ஆனால் அறுக்கும் முன் மேசையின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். மடிக்கு நேரே டிராயர் இருந்தால் கதை மாறும். உட்காரும் பலகை 42, அதன்மேல் தொடையின் கனம் சுமார் 15; ஆகத் தொடையின் மேல்பக்கம் 57-ல் நிற்கிறது. 65-க்கு இறக்கிய மேசையில் பலகையும் டிராயருமாக 13 செ.மீ. போய்விட்டால் அடிப்பக்கம் 52-க்கு வந்துவிடும். கால் உள்ளே நுழையாது. சேரை ஏற்றி உட்கார்ந்தாலும் கணக்கு அதேதான், ஏனென்றால் தொடையும் சேர்ந்தே ஏறுகிறது. நடுவில் டிராயர் வைத்த மேசை நீண்ட நேர விளையாட்டுக்கு எந்த உயரத்திலும் உதவாது. டிராயரைக் கழற்றிவிடுவதுதான் ஒரே வழி. பலகை மட்டும் என்றால் கனம் இரண்டரை செ.மீ.; தாராளமாக இடம் இருக்கும்.

வாடகை வீட்டு மேசை, இரும்புக்கால் மேசை என்று அறுக்க முடியாத நிலைமை இருந்தால் ஆள்தான் ஏற வேண்டும். சேரை 42-லிருந்து 53-க்கு ஏற்றினால் முழங்கை மேசைக்குச் சரியாக வந்துவிடும். சுழல்நாற்காலிகளில் பல 52, 53 வரை ஏறக்கூடியவை. ஆனால் இப்போது பாதம் தரையை விட்டு அந்தரத்தில் தொங்கும். தொடையின் அடிப்பக்கத்தைப் பலகை விளிம்பு அழுத்தும், கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். அதனால் காலடியில் 11 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகை வேண்டும். கடைகளில் ஃபுட்ரெஸ்ட் என்று விற்பதில் பல, ஒரே நிலையில் காலை வைக்கச் சொல்லும் குட்டித் தட்டுகள். அதைவிட இரண்டு பாதத்தையும் அகட்டி வைக்க இடமுள்ள ஒரு மரமணையே மேல்.

மோட்டார் பொருத்திய, ஏறி இறங்கும் மேசைகளை இந்தப் பிரச்சினைக்கு மருந்தாக நினைத்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விலை குறைந்த மாடல்களின் கால் இரண்டு குழாய்களால் ஆனது. அது எவ்வளவு இறங்கினாலும் 70, 72 செ.மீ.க்குக் கீழே போகாது. மூன்று குழாய்க் கால் உள்ளவைதான் 60, 62 வரை இறங்கும். அவற்றின் விலையும் கூடுதல். விளம்பரம் எல்லாம் எவ்வளவு உயரும் என்பதைப் பற்றியே பேசும். நம் ஊர் உயரக்காரர்கள் பார்க்க வேண்டியது அது எவ்வளவு தாழும் என்பதை.

மேசை முடிந்தது. இனி சேர்.

கேமிங் சேர் என்று இன்று நாம் பார்க்கும் உருவம் பந்தயக் காரிலிருந்து வந்தது. டிஎக்ஸ்ரேசர் என்ற நிறுவனம் முதலில் கார் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்து, 2006-ல் அதே வடிவத்தை விளையாட்டு நாற்காலியாக்கியது. காரில் அந்த இருக்கையின் இரண்டு பக்கமும் மேடாக எழும்பியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வளைவில் வண்டி வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் பக்கவாட்டில் சரியாமல் அது தாங்கிப் பிடிக்கும். மாடி அறையில் எந்த வளைவும் வருவதில்லை. இங்கே அந்த மேடு தொடைகளை நெருக்குகிறது, தோளை முன்னால் தள்ளுகிறது, சம்மணமிட்டு உட்காரவும் விடுவதில்லை. சம்மணமிடாமல் நான்கு மணி நேரம் சேரில் இருக்கும் தமிழர் எத்தனை பேர்?

இன்னொரு சிக்கல் அளவு. இந்தச் சேர்களில் பலவற்றின் பலகை, முழுக்க இறக்கினாலும் 45-க்கு மேலேயே நிற்கும். ஆழம் 50 செ.மீ. அளவுக்கு இருக்கும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபின் பலகை விளிம்புக்கும் முட்டியின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். 165 செ.மீ. ஆளுக்குச் சுமார் 43 செ.மீ. ஆழம் போதும். 50 என்றால் விளிம்பு முட்டியில் இடிக்கும். அதைத் தவிர்க்க அவர் முன்னால் நகர்ந்து உட்காருவார், முதுகு காற்றில் நிற்கும். சேரோடு தரும் இடுப்புத் தலையணை குள்ளமானவர்களுக்கு உதவுவது இந்த ஒரு விதத்தில்தான்: ஆழத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது.

முதுகுக்கு உண்மையில் என்ன வேண்டும்? ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அந்த அழுத்தம் நிற்பதைவிடக் கூடுதல் என்று தெரியவந்தது. பின்னர் அவரும் சகாக்களும் செய்த ஆய்வுகளில், சாய்மானம் பின்னால் சரியச் சரிய, இடுப்புக்கு முட்டுக்கொடுக்கக் கொடுக்க, அழுத்தம் குறைந்தது. அதனால் விறைப்பாக 90 பாகையில் உட்காருவதைவிட 100, 110 பாகை சாய்வு நல்லது. ஆட்டத்துக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடிக்கொடுக்கும் சேர் இன்னும் நல்லது. 180 பாகைக்குப் படுக்கும் என்ற விளம்பரமெல்லாம் தூங்குவதற்குத்தான்.

இந்த விஷயத்தில் ஆபீஸ் சேர் செய்பவர்கள் வெகுநாள் முன்னாலேயே போய்விட்டார்கள். லாஜிடெக் நிறுவனம் 2020-ல் ஹெர்மன் மில்லரோடு சேர்ந்து விலையுயர்ந்த கேமிங் சேர் ஒன்றைக் கொண்டுவந்தபோது பந்தயக் கார் வடிவத்தைத் தொடவில்லை. எம்பாடி என்ற ஆபீஸ் சேரைத்தான் எடுத்துச் சில மாற்றங்கள் செய்தது.

அந்த விலை நமக்கு ஆகாது. ஆனால் வழி அதுதான். ஒன்பதாயிரம் ரூபாய் பந்தயச் சேரின் ரெக்சின், கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலும் வேர்வையிலும் ஓரிரு வருடத்தில் செதில் செதிலாக உரியத் தொடங்கும், முதுகும் நனைந்துபோகும். அதே காசில், அல்லது குறைவாகவே, வலைத்துணி முதுகுள்ள ஆபீஸ் சேர் கிடைக்கும். கேட்க வேண்டியவை மூன்று: பலகை எவ்வளவு தாழும், கைப்பிடி மேலும் கீழும் நகருமா, இடுப்பு முட்டு உயரம் மாறுமா. கைப்பிடி நகராத சேர் மேசைக்குள் நுழையாது, அல்லது தோளைத் தூக்கிவிடும். நான்காயிரத்துக்குக் கீழே விற்பவற்றில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

செலவுக்கேற்ற பலன் அதிகம் கிடைப்பது பழைய ஆபீஸ் சேரில். அலுவலகங்கள் காலி செய்யும்போது நல்ல நிறுவனச் சேர்கள் மறுவிற்பனைக் கடைகளுக்கு வருகின்றன. இவற்றில் பலகையும் முதுகும் வெவ்வேறு கோணத்தில் சேர்ந்து சாயும் அமைப்பு இருக்கும். புதிதாக அந்த வசதி வேண்டுமானால் விலை எங்கோ போய்விடும். கடையில் உயரத்தை முழுக்க ஏற்றி, பத்து நிமிடம் உட்கார்ந்தே பேரம் பேச வேண்டும். சேர் மெல்ல இறங்கினால், கடைக்காரர் ஹைட்ராலிக் என்று சொல்லும் காற்று சிலிண்டர் போய்விட்டது என்று பொருள். அதற்காகச் சேரையே ஒதுக்க வேண்டியதில்லை, சிலிண்டரைத் தனியாக மாற்றலாம். விலையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சாய்மானப் பூட்டு வழுக்கினாலோ, வலைத்துணி தொட்டில்போலத் தொங்கினாலோ வேண்டாம்.

இனி மானிட்டர் ஒன்றுதான் பாக்கி. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறாது என்பதால் மேசையை இறக்கினாலும் ஆளை ஏற்றினாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்: நமது இளைஞருக்கு மேசைப் பலகையிலிருந்து ஏறக்குறைய 52 செ.மீ. அவருடைய மானிட்டர் 48-ல் முடிந்தால், அடியில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்தால் தீர்ந்தது.

அவர் எடுத்துவைத்த ஒன்பதாயிரத்தில் ஆறு, ஏழாயிரத்தை ஒரு பழைய ஆபீஸ் சேருக்கும், சில நூறு ரூபாயை ஆசாரிக்கும் கொடுக்கலாம். மீதியில் கை முழுக்க வீச இடம் தரும் பெரிய மவுஸ்பேடு ஒன்று வாங்கலாம். இஞ்ச் டேப் வீட்டுத் தையல் பெட்டியிலேயே இருக்கும்.