தரையை அளந்தால் ஓடு போதாது!
கூரைக்கு ஓடு, கைமரம், ரீப்பர் கணக்குப் போடும் முறை

'முப்பதுக்குப் பதினாறு அடியில் மாட்டுக் கொட்டகை கட்டுகிறேன். தூண்கள் நிறுத்தியாயிற்று. 480 சதுர அடிக்குக் கணக்குப் பார்த்து 700 மங்களூர் ஓடு இறக்கிவிட்டேன். இது போதாது என்கிறார் ஆசாரி. இன்னும் எவ்வளவு வாங்க வேண்டும்? வேறு கம்பெனி ஓட்டைக் கலந்து போடலாமா? மரம் எவ்வளவு பிடிக்கும்?'

வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது. இதே குழப்பம் பலருக்கும் இருப்பதால், இந்தக் கொட்டகையையே எடுத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மரம் இன்னும் அறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அது நல்லதாகப் போயிற்று. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆசாரி சொன்னது சரி. ஓடு தரையில் படுப்பதில்லை, சரிவில் படுக்கிறது. சரிவு தரையைவிட நீளம். அதோடு சுவரைத் தாண்டி நாலு பக்கமும் கூரை வெளியே நீள வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நூறு சதுர அடிக்கு 140 ஓடு என்று தரையைப் பெருக்கினால் 672 வரும். ஆனால் இந்தக் கொட்டகைக்குத் தேவை ஆயிரத்துக்கும் மேல்.

முதலில் ஓட்டை அளக்கவும்

கணக்கு தொடங்க வேண்டியது கட்டடத்திலிருந்து அல்ல, ஓட்டிலிருந்து. மங்களூர் ஓடு ஏறக்குறைய 16 அங்குல நீளமும் 9 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் இருக்கும். மேல் வரிசை கீழ் வரிசையின் தலைமீது ஏறி உட்காருவதால், அதில் மூன்று, மூன்றரை அங்குலம் மறைந்துவிடும். எவ்வளவு மறைகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏன், ஒரே கம்பெனியில் அச்சு தேய்ந்தாலும் மாறும். அதனால் கடைக்காரர் சொல்லும் அளவை நம்பி ரீப்பர் அடிக்கக் கூடாது.

சமமான தரையில் பதினோரு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, கூரையில் போடுவதுபோலவே பூட்டி வைக்கவும். முதலில் எல்லாவற்றையும் பூட்டு விலகாத அளவுக்கு இழுத்துவிட்டு, முதல் ஓட்டின் கொக்கியிலிருந்து பதினோராவது ஓட்டின் கொக்கி வரை அளக்கவும். கொக்கி என்பது ஓட்டின் அடிப்புறத்தில், தலைப்பக்கம் ரீப்பரைப் பிடித்துத் தொங்கும் மூக்கு. பிறகு எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளி மறுபடியும் அளக்கவும். இழுத்தபோது 127 அங்குலம், நெருக்கியபோது 123 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடு அளவு 125. இதைப் பத்தால் வகுத்தால் பன்னிரண்டரை அங்குலம். இதுதான் ஒரு ரீப்பருக்கும் அடுத்த ரீப்பருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். அதாவது ஒரு ரீப்பரின் மேல் விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல் விளிம்பு வரை.

பக்கவாட்டிலும் இதேபோலப் பதினோரு ஓடுகளைப் பூட்டி அளந்தால் ஓர் ஓடு மூடும் அகலம் கிடைக்கும். நம் கணக்குக்கு எட்டேகால் அங்குலம் என்று கொள்வோம்.

சரிவு நீளம்

மங்களூர் ஓட்டுக்கு ஓர் அடி போனால் ஆறு அங்குலமாவது உயர வேண்டும். அதற்குக் குறைந்தால் அடைமழையில் காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளி, ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும். ஏழு அங்குலம் வைப்பது நல்லது. ஏழு வைத்தால், படுக்கையில் ஒவ்வோர் அடிக்கும் சரிவில் ஓர் அடியும் ஏறக்குறைய இரண்டு அங்குலமும் வரும். துல்லியமாகச் சொன்னால் 1.158 ஆல் பெருக்க வேண்டும்.

கொட்டகையின் அகலம் 16 அடி. முகடு நடுவில் வருவதால் ஒரு பக்கம் 8 அடி. இறவாரம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீளட்டும் என்றால் மொத்தம் ஒன்பதரை அடி. 1.158 ஆல் பெருக்கினால் சரிவு நீளம் 11 அடி, அதாவது 132 அங்குலம். முகடு சுவர் மட்டத்திலிருந்து 4 அடி 8 அங்குல உயரத்தில் வரும்.

பலரும் இந்த 132ஐப் பன்னிரண்டரையால் வகுத்துவிட்டு மரம் வாங்கப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு முனைகளையும் கழிக்க வேண்டும்

கீழ் முனையில் முதல் ஓட்டின் வால், கைமர நுனியைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கைமர நுனியில் வழிந்து மரம் உளுத்துப்போகும். கொக்கியிலிருந்து வால் வரை 15 அங்குலம் என்றால், முதல் ரீப்பரின் மேல் விளிம்பு கைமர நுனியிலிருந்து 13 அங்குலத்தில் வரும். மேல் முனையில், முகட்டுக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே கடைசி ரீப்பர் நிற்க வேண்டும். அப்போதுதான் முகட்டு ஓடு இரு பக்க ஓடுகளையும் நன்றாக மூடும்.

132இல் 13ஐயும் 2ஐயும் கழித்தால் 117 அங்குலம் மிச்சம். இதைப் பன்னிரண்டரையால் வகுத்தால் 9 இடைவெளி போக நாலரை அங்குலம் தொங்கலாக நிற்கிறது.

ஒன்பது இடைவெளியாகச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 13 அங்குலம் ஆகிவிடும். நம் ஓடு இழுத்தாலே 12.7தான் போகும். பூட்டு திறந்துகொள்ளும். பத்து இடைவெளியாகப் பிரித்தால் 11.7 அங்குலம். நெருக்கினாலும் 12.3க்குக் குறையாத ஓடு அங்கே பூட்டில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். நாட்டு ஓடாக இருந்தால் ஏற்றிப் போட்டுச் சரிக்கட்டலாம். மங்களூர் ஓட்டில் அந்தச் சமாளிப்பு நடக்காது. மேல் வரிசை ஓட்டை அறுத்து நுழைப்பவர்களும் உண்டு. அறுக்கும்போது தலையோடு கொக்கியும் போய்விடுகிறது. பிறகு அந்த ஓட்டைப் பிடித்து நிற்க ஒன்றுமில்லை, இரண்டு மழையில் சரிந்து இறங்கும்.

சரியான வழி, ஓட்டுக்குத் தக்கபடி கைமரத்தின் நீளத்தை மாற்றுவது. ஒன்பது இடைவெளி வைத்தால் சரிவு நீளம் பத்தடி ஏழரை அங்குலம். இறவாரம் 14 அங்குலமாகச் சுருங்கும். பத்து இடைவெளி வைத்தால் 13ம் 125ம் 2ம் சேர்ந்து 140 அங்குலம், அதாவது 11 அடி 8 அங்குலம். இறவாரம் 25 அங்குலமாக நீளும். ஒரு வரிசை ஓடு கூடுதலாகப் பிடித்தாலும், பக்கம் திறந்த மாட்டுக் கொட்டகைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஐப்பசி மழையில் சாரல் தீவனத் தொட்டி வரை அடிக்காது. இறவாரம் தூண் மட்டத்துக்கு ஒன்றேகால் அடி கீழே இறங்கும். தூண் எட்டடி என்றால் ஆள் குனியாமல் போகலாம்.

இனி எண்ணிக்கை

பத்து இடைவெளிக்குப் பதினோரு வரிசை ஓடு. நீளவாக்கில் 30 அடியோடு இரு பக்கமும் ஓர் அடி சேர்த்தால் 384 அங்குலம். எட்டேகாலால் வகுத்தால் நாற்பத்தாறரை வருகிறது. இங்கும் அரை ஓட்டுக்காக அறுக்க வேண்டாம். 46 ஓடு என்று வைத்துக்கொண்டால், கடைசி ஓட்டின் பக்க நாக்கோடு சேர்த்துக் கூரை நீளம் முந்நூற்று எண்பதரை அங்குலம். பக்க நீட்டம் பத்து அங்குலமாகக் குறையும், அவ்வளவுதான்.

ஒரு பக்கச் சரிவுக்கு 46ஐ 11ஆல் பெருக்கினால் 506. இரண்டு பக்கமும் 1,012. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 1,070 என்று வாங்கலாம். முகட்டு ஓடு ஒன்று மேல் ஒன்று ஏறியது போக 13 அங்குலம் மூடினால் 30 ஓடு பிடிக்கும். இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளவும்.

வாசகரிடம் 700 இருக்கிறது. அதே முத்திரை ஓடு கிடைத்தால் இன்னும் 370 வாங்கினால் போதும். ஓட்டின் அடிப்புறத்தில் கம்பெனி முத்திரை இருக்கும், பார்த்து வாங்கவும். அது கிடைக்காமல் வேறு முத்திரைதான் வாங்க வேண்டும் என்றால், ஒரே சரிவில் இரண்டையும் கலக்கவே கூடாது. பூட்டு பொருந்தாது. இருக்கும் 700ஐ ஒரு பக்கத்துக்கு வைத்துக்கொண்டு, மறுபக்கம் முழுவதற்கும் புது ஓடு 530 வாங்க வேண்டும். அந்த ஓட்டையும் பதினொன்று அடுக்கி அளந்து, அந்தப் பக்கத்து ரீப்பரையும் கைமர நீளத்தையும் அதற்கென்று தனியாகக் கணக்கிட வேண்டும். மிஞ்சும் ஓடு பின்னால் உடைசலுக்கு உதவும்.

வாங்குமுன் ஓர் ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடியும் எடை போடவும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த ஓடு வேண்டாம். மழைக்காலத்தில் அந்தப் பாரம் முழுவதையும் கைமரம்தான் சுமக்க வேண்டும். காய்ந்த ஓடே இந்தக் கூரையில் இரண்டரை டன் வரும்.

கைமரமும் ரீப்பரும்

இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பர் போடுவதானால் கைமரங்களின் இடைவெளி இரண்டடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஓடு மாற்ற ஏறும் ஆளின் காலடியில் ரீப்பர் வளையும். முதல் கைமரத்தின் நடுவிலிருந்து கடைசிக் கைமரத்தின் நடு வரை 376 அங்குலம். அதைப் பதினாறாகப் பிரித்தால் இருபத்து மூன்றரை அங்குலம். பதினாறு இடைவெளிக்கு மரம் பதினேழு. இந்த 'ஒன்று கூட' என்பதை மறந்து கடைசியில் கடைக்கு ஓடுவது வழக்கமாக நடப்பது. இரண்டு பக்கமும் சேர்த்து 34 கைமரம். 12 அடி மரம் வாங்கினால் நாலு அங்குலம்தான் கழியும். கெட்டி மரமாக இருந்தால் நாலுக்கு இரண்டு அங்குலம் போதும். பனங்கை போடுவதானால் முற்றிய மரத்தின் வெளிவைரமாகப் பார்த்து எடுக்கவும்.

முகட்டு உத்திரத்துக்குப் பத்தடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். அங்கங்கே எதிரெதிர்த் தூண்களைக் குறுக்கு உத்திரத்தால் பிணைக்கவும். ஓட்டின் பாரம் கைமரம் வழியாகத் தூண்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

ரீப்பர் ஒரு சரிவுக்குப் பதினொன்று அல்ல, பன்னிரண்டு. கைமர நுனியில் ஒன்று கூடுதல். முதல் வரிசை ஓட்டின் வாலுக்கு அடியில் வேறு ஓடு இல்லாததால், அதைத் தாங்க நுனி ரீப்பர் மற்றவற்றைவிட ஓட்டின் கனம் அளவுக்கு, முக்கால் அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வரிசை மட்டும் தலை குனிந்து, இரண்டாம் வரிசையோடு பூட்டாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

இரண்டு சரிவுக்கும் 24 வரிசை ரீப்பர். ஒட்டு கைமரத்தின் மேல்தான் விழ வேண்டும். ஒரு பத்தடி ரீப்பர் ஐந்து இடைவெளி போகும், பன்னிரண்டடி ஆறு போகும். ஆகவே ஒரு வரிசைக்கு இரண்டு பத்தடி, ஒரு பன்னிரண்டடி. மொத்தம் பத்தடி 48, பன்னிரண்டடி 24. நுனிக்கான இரண்டு வரிசையை உயரக் கனத்தில் கேட்டு வாங்கவும். வளைசலுக்கு ஓரிரண்டு கூடுதலாக எடுக்கலாம். பன்னிரண்டடியை ஒரு வரிசையில் இடது கோடியிலும் அடுத்ததில் நடுவிலும் மூன்றாவதில் வலது கோடியிலும் மாற்றிப் போட்டால், ஒட்டெல்லாம் ஒரே கைமரத்தில் சேராது.

ரீப்பர் அடித்ததும் கூரை முழுதும் ஓடு ஏற்றிவிட வேண்டாம். இரண்டு ஓட்டு அகலத்துக்கு மட்டும் இறவாரத்திலிருந்து முகடு வரை பதினோரு வரிசையையும் போட்டுப் பார்க்கவும். பூட்டு எங்காவது திறந்திருந்தால் கொட்டகைக்கு உள்ளே நின்று மேலே பார்த்தாலே வெளிச்சக் கீற்று தெரியும். ஒரே வரிசையில் தெரிந்தால் அந்த ஒரு ரீப்பரைத் தட்டி நகர்த்தினால் சரியாகும். எல்லா வரிசையிலும் தெரிந்தால் இடைவெளி அளவே தப்பு. அப்போது ஆணியைப் பிடுங்குவது 22 ஓட்டை இறக்குகிற வேலைதான். ஆயிரம் ஏற்றிய பிறகு அது முடியாது.

கடற்கரைப் பக்கமும் காற்று கூடுதலாக அடிக்கும் இடங்களிலும், இறவார வரிசையையும் இரு பக்க விளிம்பு ஓடுகளையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டவும். ஓட்டின் அடிப்புறத்தில் அதற்கென்றே துளை விட்டிருப்பார்கள். காற்று முதலில் கிளப்புவது அந்த ஓடுகளைத்தான்.