'லெட்டர் அப்புறம் தர்றோம்' என்கிறதா பழைய கம்பெனி? ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்குவது எப்படி?

கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனம். அங்கே கணக்குப் பிரிவில் 2022 ஜூன் 6-ம் தேதி சேர்ந்த ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 3-ம் தேதி ராஜினாமா கொடுத்தார். நோட்டீஸ் காலம் 60 நாள். சென்னையில் கிடைத்த புதிய வேலையில் சீக்கிரம் சேர வேண்டியிருந்ததால், மேலாளரிடம் பேசி 45 நாளில், அதாவது ஏப்ரல் 16-ம் தேதி விலகினார். லேப்டாப், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்து, 'நோ டியூ' படிவத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

புதிய அலுவலகம் மே 31-ம் தேதிக்குள் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் கேட்கிறது. தராவிட்டால் பணி உறுதி ஆகாது. பழைய நிறுவனத்துக்குப் போன் போட்டால், "சார் ஊர்ல இல்லம்மா, வந்ததும் பாக்குறோம்" என்று ஒருநாள் பதில் வரும். "செட்டில்மென்ட் முடியட்டும், அப்புறம்தான் லெட்டர்" என்று இன்னொரு நாள். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

போனில் கேட்டதற்கெல்லாம் எந்தப் பதிவும் இல்லை என்பதுதான் இங்கே முதல் சிக்கல். நாளைக்கு "அவங்க எங்ககிட்ட கேட்கவே இல்லையே" என்று நிறுவனம் சொன்னால், மறுத்துக் காட்ட கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கோரிக்கை மின்னஞ்சலில் போக வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, மேலாளருக்கும் ஒரு பிரதி வைக்க வேண்டும். பழைய அலுவலக மின்னஞ்சல் முடங்கியிருக்கும் என்பதால், சொந்த முகவரியிலிருந்து அனுப்பினால் போதும்.

இரண்டும் ஒன்றல்ல

பலர் "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணும்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பிறகு திண்டாடுகிறார்கள். ரிலீவிங் லெட்டர் என்பது, ராஜினாமா ஏற்கப்பட்டது, இன்ன தேதியோடு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று சொல்லும் கடிதம். புதிய நிறுவனத்துக்கு உடனே வேண்டியது இதுதான். இவர் இன்னும் அங்கேயும் வேலையில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அனுபவச் சான்றிதழ், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவியில் இருந்தார் என்பதைச் சொல்வது. பத்து வருடம் கழித்தும் அது தேவைப்படும். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் தந்துவிடுவதும் உண்டு. ஆனாலும் கேட்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்பதே நல்லது.

இழுத்தடிப்பு எப்போதும் வன்மத்தால் வருவதல்ல. மனிதவளப் பிரிவில் ஒருவர் கோப்பைத் தேடி, தேதி பார்த்து, மேலாளரிடம் உறுதி செய்து, பிறகு தட்டச்சு செய்ய வேண்டும். அந்த வேலையைக் கடிதமே முடித்துக் கொடுத்துவிட்டால் பாதி தடை நீங்கிவிடும். பணியாளர் எண், சேர்ந்த தேதி, கடைசி நாள், கடைசியாக வகித்த பதவி ஆகிய நான்கும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். மேலாளர் ஏப்ரல் 16-ஐக் கடைசி நாளாக ஏற்று அனுப்பிய மின்னஞ்சலையும், 'நோ டியூ' படிவத்தின் நகலையும் இணைக்க வேண்டும். அந்த ஏற்பு மின்னஞ்சல்தான் இதில் உயிர்நாடி. வாய்மொழியாக மட்டும் "சரி, போங்க" என்று சொல்லியிருந்தால், சொல்லாமல் நின்றுவிட்டதாக நிறுவனம் பதிவு செய்ய வாய்ப்பு உண்டு.

இந்தப் பெண் மே 12-ம் தேதி அனுப்பிய கடிதம் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் அமைப்பு இதுதான்.

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். கணக்கு உதவியாளராக 6.6.2022 முதல் 16.4.2025 வரை தங்கள் நிறுவனத்தில் பணியாற்றினேன். 3.3.2025 அன்று நான் அளித்த ராஜினாமாவை ஏற்று மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலையும், நிலுவை இல்லை எனக் கையொப்பமிட்ட படிவத்தையும் இணைத்துள்ளேன். எனது பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் இதுவரை வந்து சேரவில்லை. புதிய பணியிடத்தில் இவற்றைச் சமர்ப்பிக்க வேண்டியுள்ளதால், 21.5.2025-க்குள் இரண்டையும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். குறைவான நோட்டீஸ் நாட்களுக்கு உரிய தொகையை, நியமனக் கடிதத்தில் உள்ளபடி இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். வேறு ஏதேனும் விவரம் தேவையெனில் தெரிவியுங்கள், அன்றே அனுப்புகிறேன்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. 'முடிந்தால் அனுப்பவும்' என்று எழுதியிருந்தால், முடியவில்லை என்று சும்மா இருந்துவிடலாம். தேதி போட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதேநேரம் முதல் கடிதத்திலேயே 'வழக்குப் போடுவேன்' என்று எழுதினால், கோப்பு மனிதவளப் பிரிவிலிருந்து வக்கீல் மேசைக்குப் போய்விடும். அங்கே போனது அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருப்பதைக் கவனிக்கலாம். "செட்டில்மென்ட் முடியட்டும்" என்ற சாக்குக்கு அந்த ஒரு வரியே பதில். மாதச் சம்பளம் 24,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 15 நாளுக்கு மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 12,000 ரூபாய் போகும். அடிப்படைச் சம்பளத்தில் என்றால் 6,000 மட்டுமே. எது சரி என்பதை நியமனக் கடிதம் சொல்லும். 'நியமனக் கடிதத்தில் உள்ளபடி' என்ற வார்த்தைகளை அதனால்தான் விட்டுவிடக் கூடாது. கணக்கில் தகராறு இருந்தால் அதற்குத் தனி மின்னஞ்சல் எழுதலாம்.

பதிலே வராவிட்டால்?

சொன்ன தேதிக்கு மறுநாள், அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். இந்த முறை மனிதவளத் தலைவரையோ இயக்குநரையோ சேர்க்கலாம். அதற்கும் பதில் இல்லை என்றால், அதே கடிதத்தை அச்செடுத்து, நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1946-ம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகளில், பணிநீக்கம், பணி முடிப்பு, ஓய்வு ஆகியவற்றின்போது நிரந்தரத் தொழிலாளிக்குச் சேவைச் சான்றிதழ் பெறும் உரிமை சொல்லப்பட்டிருந்தது. ஆனால் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வராத அலுவலக ஊழியர்கள் பலருக்குக் கையில் இருக்கும் ஆயுதம் நியமனக் கடிதமும் நிறுவனத்தின் மனிதவள விதிகளும்தான். அதனால் நினைவூட்டலில் சட்டப் பிரிவுகளை அடுக்குவதைவிட, நியமனக் கடிதத்தின் எந்தப் பத்தியில் விடுவிப்பு பற்றி இருக்கிறதோ அதைச் சுட்டுவது பலன் தரும்.

புதிய அலுவலகத்திடமும் மறைக்கத் தேவையில்லை. அனுப்பிய மின்னஞ்சல்கள், ராஜினாமா ஏற்பு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். இணையதளத்தில் உள்ள பணி வரலாறு ஆகியவற்றைக் கொடுத்து அவகாசம் கேட்கலாம். பழைய நிறுவனம் மூடியே போயிருந்தாலும் இவைதான் கைகொடுக்கும்.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அதற்காக அவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, உறுப்பினரே `Manage` பகுதியில் `Mark Exit` மூலம், ஆதார் ஓ.டி.பி. கொடுத்துப் பதிவு செய்துவிடலாம்.

கடிதம் வந்ததும் உடனே புதிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடாமல் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். 60 நாளைக் கணக்கிட்டு விலகிய தேதியை மே 1 என்று போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. இந்தப் பெண் சென்னையில் சேர்ந்தது ஏப்ரல் 21. பழைய கடிதத்தில் மே 1 என்று இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகச் சரிபார்ப்பில் சிக்கும். பெயரின் எழுத்து, இனிஷியல், கடைசிப் பதவி, லெட்டர்ஹெட், கையெழுத்து போட்டவரின் பெயர், பதவி ஆகியவற்றையும் பார்த்து, தவறு இருந்தால் சரியான தகவலைக் குறிப்பிட்டு அன்றே பதில் அனுப்ப வேண்டும்.