பத்து லட்சத்துக்குள் எத்தனை லட்சம் நிஃப்டி?

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. கொரோனா பீதியில் நிஃப்டி ஒரே நாளில் 1135 புள்ளிகளை இழந்து 7610-இல் முடிந்தது. ஏறக்குறைய 13 சதவீத வீழ்ச்சி. ஆனால் அன்று எல்லோருக்கும் 13 சதவீதம்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது. வங்கிப் பங்குகளை நிறைய வைத்திருந்தவருக்கு அதைவிடப் பெரிய அடி. சோப்பு, மருந்து நிறுவனப் பங்குகளை வைத்திருந்தவருக்குக் கொஞ்சம் குறைவு. பணத்தில் பாதியை அரசுப் பத்திரத்தில் போட்டிருந்தவருக்கு இன்னும் குறைவு.

இந்த வித்தியாசத்தை வீழ்ச்சி வருவதற்கு முன்பே ஓரளவு கணக்கிட்டு வைத்துக்கொள்ள முடியும். அதற்கான எண்தான் பீட்டா. நிஃப்டி ஒரு சதவீதம் நகர்ந்தால் ஒரு பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் நகர்கிறது என்பதைப் பீட்டா சொல்கிறது. நிஃப்டியின் பீட்டா 1. ஒரு பங்கின் பீட்டா 1.5 என்றால், சந்தை 10 சதவீதம் இறங்கும்போது அது 15 சதவீத அளவுக்கு இறங்கும் வழக்கம் உள்ளது என்று பொருள், ஏறும்போதும் அப்படியே. சில ஆண்டுகளின் விலை மாற்றங்களை நிஃப்டியின் மாற்றங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து இந்த எண்ணை எடுக்கிறார்கள். பல நிதி இணையதளங்களில் பங்கின் பெயரைத் தட்டினாலே கிடைக்கும்.

தனிப் பங்கின் பீட்டாவைப் பார்ப்பவர்கள் பலர். தன் கையிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து மொத்தப் பீட்டா எவ்வளவு என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. உண்மையில் நெருக்கடி நாளில் உதவுவது அந்த இரண்டாவது எண்தான். அதைக் கண்டுபிடிக்கப் பெருக்கலும் கூட்டலும் வகுத்தலும் போதும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் இன்றைய மதிப்பில் 10 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் இருக்கின்றன. வங்கிப் பங்கில் 4 லட்சம், அதன் பீட்டா 1.2. எஃகு நிறுவனத்தில் 2 லட்சம், பீட்டா 1.5. சோப்பும் பிஸ்கட்டும் விற்கும் நிறுவனத்தில் 3 லட்சம், பீட்டா 0.6. மருந்து நிறுவனத்தில் 1 லட்சம், பீட்டா 0.7. ஒவ்வொரு தொகையையும் அதன் பீட்டாவால் பெருக்கினால் 4.8, 3, 1.8, 0.7 லட்சம் என்று வரும். கூட்டினால் 10.3 லட்சம். அதை மொத்தப் பணமான 10 லட்சத்தால் வகுத்தால் போர்ட்ஃபோலியோவின் பீட்டா 1.03.

கடைசி வகுத்தலைவிட அதற்கு முந்தைய 10.3 லட்சம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண். அந்த நான்கு பங்குகளும் சேர்ந்து, 10.3 லட்சம் ரூபாய்க்கு நிஃப்டி வாங்கி வைத்திருப்பதைப் போல நடந்துகொள்ளும் என்பதே அதன் பொருள். மார்ச் 23 போன்ற ஒரு நாள் மறுபடி வந்தால், 13 சதவீதம் என்ற கணக்கில் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் ரூபாய் குறையும் என்று எதிர்பார்க்கலாம். தாங்க முடியுமா என்ற கேள்வியை ரூபாயில் கேட்டுக்கொள்வது, 1.03 என்ற எண்ணை வெறித்துப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பெருக்க வேண்டியது இன்றைய மதிப்பை. வாங்கிய விலையை அல்ல. எஃகுப் பங்கு இரட்டிப்பாகி 2 லட்சம் 4 லட்சமாகிவிட்டது, மற்றவை அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 12 லட்சம்; பீட்டா 1.11. உரிமையாளர் ஒரு பங்கைக்கூட வாங்கவில்லை, விற்கவில்லை. ஆனாலும் அவர் வைத்திருப்பது முன்பைவிடத் துடிப்பான போர்ட்ஃபோலியோ. ஏறுமுகச் சந்தையில் வேகமாக வளர்பவை பெரும்பாலும் அதிகப் பீட்டா உள்ள பங்குகளே என்பதால், நல்ல காலத்தில் பீட்டா சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, 1.03 இவருக்கு அதிகம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மூன்று ஆண்டில் பணம் வேண்டும் என்பதால் 0.6 போதும் என்று நினைக்கிறார். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதிகப் பீட்டா பங்குகளை விற்றுக் குறைந்த பீட்டா பங்குகளாக மாற்றிக்கொள்வது. அப்படிச் செய்தால் முழுப் பணத்தையும் சோப்பு நிறுவனத்தில் போட வேண்டியதுதான். ஒரே கம்பெனியை நம்பி உட்கார வேண்டும். இரண்டாவது வழி, பங்குகளின் விகிதத்தைத் தொடாமல், ஒரு பகுதியை ரிஸ்க் இல்லாத இடத்துக்கு நகர்த்துவது.

இந்தியாவில் அந்த இடத்துக்கு மிக நெருங்கி வருவது மத்திய அரசின் ட்ரெஷரி பில். 91, 182, 364 நாள் தவணைகளில் ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வு நாளில் முழு முகமதிப்பையும் பெறுவதுதான் அதன் லாபம். 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கு மூலம் சாதாரண மக்களும் 10 ஆயிரம் ரூபாயிலிருந்து வாங்க முடிகிறது. நிஃப்டி ஏறினாலும் விழுந்தாலும் முதிர்வுத் தொகை மாறாது. அதனால் அதன் பீட்டா பூஜ்யம்.

பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். எனவே கணக்கு இன்னும் எளிதாகிறது. 0.6-ஐ 1.03-ஆல் வகுத்தால் 0.583. அதாவது 10 லட்சத்தில் 5.83 லட்சம் பங்கிலும் மீதி 4.17 லட்சம் பில்லிலும் இருந்தால் போதும். நான்கு பங்குகளையும் அதே விகிதத்தில் குறைத்தால் பீட்டா 0.6-இல் வந்து நிற்கும். 13 சதவீத வீழ்ச்சி நாளின் நஷ்டம் 1.34 லட்சத்திலிருந்து 78 ஆயிரமாகிறது. விலை இதற்கும் உண்டு. பில் 6 சதவீதமும் நிஃப்டி நீண்டகாலத்தில் 12 சதவீதமும் தரும் என்று வைத்துக்கொண்டால், பழைய போர்ட்ஃபோலியோவில் எதிர்பார்க்கக்கூடிய வருமானம் 12.2 சதவீதம், புதியதில் 9.6.

விகிதத்தைக் கலைத்து விற்றால் விடை மாறும். உதாரணமாக 2 லட்சத்தை மட்டும் பில்லுக்கு மாற்றுகிறார் என்றால், எல்லாவற்றிலும் சமமாக எடுத்தால் பீட்டா 0.82. எஃகுப் பங்கை முழுதாக விற்றால் 0.73. சோப்புப் பங்கில் எடுத்தால் 0.91. பத்திரத்துக்கு எவ்வளவு போனது என்பது மட்டும் போதாது. அந்தப் பணம் எதிலிருந்து வந்தது என்பதும் சேர்ந்துதான் பீட்டாவைத் தீர்மானிக்கிறது. லாபத்தில் இருக்கும் பங்கை வைத்துக்கொண்டு, சலிப்பூட்டும் சோப்புப் பங்கை விற்று ‘பாதுகாப்பு’ தேடுபவர், தான் நினைத்ததில் பாதிப் பாதுகாப்பைத்தான் பெறுகிறார்.

எந்தப் பங்குகள், என்ன விகிதத்தில் என்ற கேள்வியையும், மொத்தத்தில் எவ்வளவு பாதுகாப்பாக வைப்பது என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1958-இல் காட்டினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் வில்லியம் ஷார்ப், எதிர்பார்க்கும் வருமானத்தைப் பீட்டாவோடு நேர்கோட்டில் இணைக்கும் மாதிரியை வெளியிட்டார். மேலே 12.2 என்றும் 9.6 என்றும் வந்தது அந்தக் கோட்டிலிருந்துதான். பயந்த சுபாவக்காரரும் துணிந்தவரும் ஒரே பங்குகளை வைத்திருக்கலாம், பில்லின் அளவு மட்டும் மாறினால் போதும் என்பது அதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். துணிந்தவர் கடன் வாங்கினால் கோடு எதிர்ப்பக்கம் நீளும். சொந்தப் பணம் 10 லட்சத்தோடு 5 லட்சம் கடன் வாங்கி அதே பங்குகளை வாங்கினால் பீட்டா 1.55 ஆகிவிடும். வட்டி தனி.

இந்தக் கணக்கின் மிகப் பலவீனமான கண்ணி, ‘ரிஸ்க் இல்லாதது’ என்று ஒட்டப்படும் லேபிள். கடன் மியூச்சுவல் ஃபண்டுகளைப் பலர் பீட்டா பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடியது. பணம் பின்னால் தவணைகளாகத் திரும்பக் கிடைத்தது என்றாலும், பங்குச் சந்தை அடிவாங்கியிருந்த வாரங்களில் அதைத் தொட முடியவில்லை. சரியாகத் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாத பணத்தைப் பூஜ்யப் பீட்டா என்று கணக்கிடுவது ஆபத்து. பத்து, இருபது ஆண்டு அரசுப் பத்திரத்தில் அரசு ஏமாற்றாது. ஆனால் வட்டி விகிதம் ஏறினால் இடையில் விற்கும் விலை இறங்கும். வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு.

இன்னொரு பக்கம், பீட்டாவே எல்லா ஆபத்தையும் அளப்பதில்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டபோது அந்தப் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பிழந்தது. எந்தப் பீட்டாவும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஏனென்றால் அது சந்தையோடு சேர்ந்து வந்த ஆபத்து அல்ல, அந்த ஒரு நிறுவனத்தின் ஆபத்து. நான்கே பங்குகள் வைத்திருப்பவருக்கு அத்தகைய ஆபத்து நிறைய மிச்சமிருக்கிறது; நாற்பது வைத்திருப்பவருக்குக் குறைவு. இருவருக்கும் பீட்டா 1.03 என்றே இருக்கலாம். பில்லைச் சேர்க்கும்போது மட்டும் இரண்டு வகை ஆபத்தும் ஒரே அளவில் சுருங்கும். அது எந்தப் பங்கோடும் சேர்ந்து ஆடுவதில்லை என்பதால்.

எண்ணையே சந்தேகிக்க வேண்டிய இடமும் உண்டு. தினமும் சரியாக வியாபாரமாகாத சிறு நிறுவனப் பங்குக்கு 0.3 என்று பீட்டா காட்டினால் மகிழ வேண்டாம். சந்தை விழுந்த நாளில் யாரும் அதை விற்க முடியாததால் விலை நகரவில்லை, அவ்வளவுதான். தினசரி விலைக்குப் பதில் மாத விலைகளை வைத்துக் கணக்கிட்டால் அந்த எண் கணிசமாக உயர்வதைப் பார்க்கலாம்.

0.6-இல் நிறுத்திய கலவைக்கு வருவோம். நிஃப்டி 30 சதவீதம் விழுந்தால் மொத்தம் 18 சதவீதம் குறைந்து 8.2 லட்சமாகும், திட்டமிட்டபடியே. ஆனால் அதற்குள் பங்குகள் 4.03 லட்சமாகச் சுருங்கி, அவற்றிலும் அதிகப் பீட்டா பங்குகளே கூடுதலாகக் குறைந்துவிட்டதால் பீட்டா 0.48-க்கு இறங்கியிருக்கும். சந்தை மீளும்போது அவர் நினைத்ததைவிடக் குறைவாகவே பங்கேற்பார். பழைய 0.6-க்குத் திரும்ப, இப்போதைய விகிதத்திலேயே சுமார் 1 லட்சம் ரூபாய்க்குப் பில்லை விற்றுப் பங்கு வாங்க வேண்டும். செய்திகள் மிக மோசமாக இருக்கும் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை அது என்பதால், பீட்டா 0.5-க்குக் கீழ் போனாலோ 0.7-ஐத் தாண்டினாலோ சரிசெய்வது என்று எல்லையை முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். 30 சதவீத வீழ்ச்சி அந்தக் கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் மிகச் சிறிய அளவில்தான்.